ஊரை விட்டு வர மறுக்கும் அப்பாவிடம் எதைப் பேசுவது, எப்போது பேசுவது

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. அம்மா தவறி இரண்டு வருடம் ஆகிறது. மன்னார்குடி பக்கத்தில் கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் ராத்திரி கொல்லைக்குப் போகும்போது விழுந்துவிட்டார், எலும்பு முறிவு இல்லை. நான் தாம்பரத்தில், தங்கை கோயம்புத்தூரில். "எங்களோட வந்துடுங்கப்பா" என்றால் "என் கட்டை இந்த ஊர்லதான் வேகும்" என்கிறார். முதியோர் இல்லம் என்று தங்கை பேச்செடுத்ததற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எப்படிப் பேசி சம்மதிக்க வைப்பது?

பதில்:

வீடு மாறுவது பற்றிய பேச்சை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அவர் விழுந்ததைப் பற்றி மட்டும் முதலில் பேசுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். உங்கள் வீட்டில் நடப்பது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளைகள் பயந்துபோய் "வந்துடுங்க" என்கிறார்கள். பெரியவர் காதில் அது "வீட்டைப் பூட்டு, நிலத்தை விடு, மருமகள் கையை எதிர்பார்த்து உட்கார்" என்று விழுகிறது. அதற்குத்தான் அவர் முடியாது என்கிறார். விழாமல் இருக்க ஏற்பாடு செய்வதற்கு அவர் முடியாது என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

ராத்திரி எழுந்து போகும்போது விழுந்தார் என்றால், முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை. 79 வயது ஆணுக்கு ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீர் போக வேண்டியிருந்தால், புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாதிரி ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். கூடவே பிபி மாத்திரையும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால், படுத்திருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். ஊர்ப்பக்கம் வரும் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு சின்னப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிபி பார்க்க வேண்டும். எழுந்து நின்றதும் ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மேல் அளவு 20க்கோ கீழ் அளவு 10க்கோ குறையாமல் இறங்கினால் அதை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ அவர் மாற்றுவார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது கொல்லைக்குப் போகும் பாதை. நம் ஊர் பழைய வீடுகளில் படுக்கை கூடத்தில் இருக்கும், கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கும். நடுவில் ஈரமான முற்றம், உயரமான நிலைப்படி, இரண்டு படி இறக்கம். புதுக் கழிப்பறை கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரிக்கு மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் கேனோ, நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலியோ போதும். "இதெல்லாம் படுத்துக்கெடக்குறவங்களுக்கு" என்று முதலில் மறுப்பார். ராத்திரி மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் அவரே கொட்டிக் கழுவிவிடலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பிறகு கூடத்தை ஒட்டி உள்ளேயே ஒரு வெஸ்டர்ன் கழிப்பறையும் சுவரில் கைப்பிடிக் கம்பியும் வைத்துவிடுங்கள். தாம்பரத்தில் அவருக்கென்று ஒரு அறை ஒதுக்க ஆகும் செலவோடு பார்த்தால் இது பெரிய தொகை இல்லை.

எல்லாரும் மறக்கிற ஒரு விஷயம் உண்டு: தாழ்ப்பாள். தனியாக இருக்கும் பெரியவர் ராத்திரி முன்கதவையும் கொல்லைக் கதவையும் உள்ளே இருந்து இரும்புத் தாழ்ப்பாள் போட்டு, சில வீடுகளில் குறுக்கே கட்டையும் வைத்துப் படுப்பார். அவர் உள்ளே விழுந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டலாம், திறக்க முடியாது. கதவை உடைத்துத் தூக்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கதவுக்காவது வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு வைத்து, ஒரு சாவியை அப்பா நம்புகிற ஆளிடம் கொடுங்கள். யாரிடம் என்பதை அவர் சொல்லட்டும். பால்காரர் வந்து கூப்பிட்டுக் கதவு திறக்காவிட்டால் யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்பதையும் அந்த ஆளோடு பேசி வையுங்கள். 108 கிராமத்துக்குள் வரும்போது தெருமுனையில் நின்று கைகாட்ட ஒருவர் வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

சர்க்கரை, பிபி மாத்திரைக்காக மட்டும் அவர் பஸ் ஏறுகிறார் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த நிலையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகு பேச்சு வேறு மாதிரிப் போகும். நீங்கள் அவரைப் பிடுங்கிக்கொண்டு போக வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அவரிடம் ஒன்று கேளுங்கள்: "எங்க வீட்டுக்கு வந்தா உங்களுக்கு எதெல்லாம் முடியாமப் போகும்பா?" கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று நடுவில் சொன்னீர்களோ, அதோடு அவர் நிறுத்திக்கொள்வார்.

நீடாமங்கலம் பக்கம் நான் பார்த்துவந்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். உங்கள் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர், மனைவி இல்லை, மகன் சென்னையில், மகள் திருச்சியில். பதினைந்து மா நிலம், அதாவது ஐந்து ஏக்கர். அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். ஊரை விட்டு வரமாட்டேன் என்பதற்கு அவர் வெளியே சொன்ன காரணம் "மெட்ராஸ் தண்ணி ஒத்துக்காது". உட்கார்ந்து கேட்டபோது ஒவ்வொன்றாக வந்தது. அறுப்பு முடிந்ததும் குத்தகை நெல்லை மூட்டை எண்ணி வாங்குவது அவர். தான் இல்லாவிட்டால் குத்தகைக்காரர் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்தை நேராக மகன் கணக்குக்கு அனுப்பிவிடுவார், பிறகு தன் கையில் காசு இருக்காது என்று பயந்தார். டீக்கும் பேப்பருக்கும் மகனிடம் கேட்டு வாங்குவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மனைவியின் தெவசத்தை அந்தக் கூடத்தில்தான் செய்கிறார், அதை ஒரு அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. மகள் வீட்டில் போய்த் தங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கடைசியாக, மிக மெதுவாகச் சொன்னது: ஆஸ்பத்திரியில் குழாய்களோடு செத்து, தெரிந்தவர்கள் யாரும் இல்லாத சுடுகாட்டுக்குப் போக விருப்பமில்லை.

இதில் சென்னைத் தண்ணீர் எங்கே இருக்கிறது பாருங்கள். பணம், தெவசம், கௌரவம், சாவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

பணத்துக்கு வழி எளிது. குத்தகைப் பணம் அவர் பெயரில் இருக்கும் கணக்குக்கே வருகிறது. ஏடிஎம் கார்டும் அவரிடமே. மகன் வீட்டில் இருக்கும் நாட்களில் பேப்பருக்கும் பேரப்பிள்ளைகளின் பாலுக்கும் அவர்தான் காசு கொடுக்கிறார். மகனுக்கு அந்தப் பணம் தேவையில்லை, ஆனாலும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை என்ற நினைப்பு அவருக்கு வேண்டும். தெவசத்துக்கு வருடா வருடம் ஊருக்கு வந்துவிடுவது என்று தேதியோடு முடிவானது.

எப்போது போவது என்பதில் அவர் நிலம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. சம்பாவும் தாளடியும் அறுத்து முடியும்போது மாசி ஆகிவிடும். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கும், அதற்குப் பிறகுதான் குறுவை வேலை. இடையில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வயல் பெரும்பாலும் சும்மா கிடக்கும், ஊரில் அவருக்கு வேலையும் குறைவு. "நிரந்தரமா வாங்க" என்ற சொல்லையே விட்டுவிட்டு, "அறுப்பு முடிஞ்சு வந்துட்டு, தண்ணி தொறக்கறதுக்குள்ள திரும்பிப் போயிடலாம்" என்று மகன் கூப்பிட்டார். போகும்போதே திரும்பி வரும் மன்னை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையும் எடுத்து அவர் பையில் வைத்தார். வீட்டுச் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. சொன்ன தேதியில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டதுதான் அடுத்த வருடம் அவர் தானாகக் கிளம்பக் காரணம். உங்கள் வீட்டிலும் இதைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். திரும்பும் தேதி வந்ததும் "இன்னும் ஒரு மாசம் இருங்களேன்" என்று இழுக்காதீர்கள். அவரே கேட்டால் தவிர, சொன்ன நாளில் கொண்டுபோய் விடுங்கள்.

தாம்பரத்தில் அவர் இருக்கப்போகும் இடத்தையும் முன்கூட்டியே யோசியுங்கள். ஹாலில் சோபாவை மடக்கிப் படுக்கை போடுவது விருந்தாளிக்கு. அவருக்குக் கதவுள்ள இடம் வேண்டும், பக்கத்தில் கழிப்பறை வேண்டும், சாப்பாட்டு நேரம் அவர் பழகிய நேரமாக இருக்க வேண்டும். ஊரில் காலை எட்டரைக்குள் சாப்பிட்டுப் பழகியவர், எல்லாரும் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் பத்து மணிவரை காத்திருந்தால் "பசிக்குது" என்று சொல்லமாட்டார், ஊருக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார். இதை உங்கள் மனைவியோடு முதலில் பேசுங்கள். அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டு மனைவிக்குத் தகவல் சொல்வது சண்டையில்தான் முடியும். பகலில் அவரோடு வீட்டில் இருக்கப்போவது யார் என்று பார்த்தால், அந்தப் பேச்சில் மனைவியின் சொல்லுக்கு உங்கள் சொல்லைவிட எடை அதிகம்.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு உடன்பாடு வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயல் உங்கள் அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும். மன்னார்குடி, வேதாரண்யம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, சாலையில் மரம் விழுந்து கிடந்தது. அவரிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். "புயல் எச்சரிக்கை வந்தா ரெண்டு நாள் முன்னாடியே கார் அனுப்புறேன், ஓஞ்சதும் கொண்டுவந்து விட்டுடுறேன்" என்று மட்டும் கேளுங்கள். இவ்வளவு மட்டும் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு.

இதற்கு மேல்தான் கடினமான பேச்சு: எந்த நிலை வந்தால் ஊரில் தனியாக இருப்பதை நிறுத்துவது? அவர் நன்றாக இருக்கும்போதே, அவர் வாயால் சொல்ல வேண்டும். "உங்களுக்கு என்ன ஆனா நீங்களே கெளம்பலாம்னு நெனைப்பீங்க?" நீடாமங்கலத்துப் பெரியவர் மூன்று சொன்னார். கழிப்பறையில் உட்கார்ந்து தானாக எழுந்திருக்க முடியாமல் போனால். இன்னொரு தடவை விழுந்து எலும்பு முறிந்தால். அடுப்பைப் பற்றவைத்து மறந்துபோவது இரண்டாவது தடவை நடந்தால். மகன் அதை அவர் எதிரிலேயே டைரியில் எழுதினார், பெரியவர் கீழே தேதி போட்டார். சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் கிடையாது. ஆனால் ஒன்றரை வருடம் கழித்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபோது, யாரும் அவரை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. தான் சொன்னதுதான் என்று கிளம்பினார். உங்கள் அப்பா சொல்லும் எல்லை உங்களுக்குப் போதாது என்று தோன்றலாம். நீங்கள் ஒரே ஒரு நிபந்தனை கூடுதலாகக் கேட்கலாம், பட்டியல் போடாதீர்கள்.

இந்த மாதங்களில் சொத்துப் பேச்சு வேண்டவே வேண்டாம். பத்திரம், பாகப்பிரிவினை, வீட்டை விற்பது, வாடகைக்கு விடுவது எதுவும். உங்கள் மனதில் துளி ஆசை இல்லாவிட்டாலும், விழுந்தவரிடம் வந்து "எங்களோட வாங்க" என்று சொன்ன வாயால் நிலத்தைப் பற்றிக் கேட்டால் ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரே எழுதிவைக்க விரும்பினால் உயில் எழுதச் சொல்லுங்கள். உயிலை அவர் உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதியே தீர வேண்டும் என்றால், அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். நிபந்தனை எழுதாத பத்திரங்களில் பெரியவர்கள் கோர்ட் கோர்ட்டாக அலைய வேண்டியிருக்கிறது. இதை அவரிடம் நீங்களே சொன்னால், அவர் பக்கம் நின்று பேசுகிறீர்கள் என்று அவருக்குப் புரியும்.

இனி "கட்டை இந்த ஊர்லதான் வேகும்" என்பது. இதற்கு "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்பது பதிலே இல்லை. அவர் உங்களிடம் ஒன்று கேட்கிறார், நேரடியாகப் பதில் சொல்லுங்கள். நீங்களும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து, "எங்க இருந்தாலும் உங்களை ஊருக்குக் கொண்டுவந்துடுவோம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் செய்ய வேண்டும், அதனால் நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து மன்னார்குடிக்குச் சாலையில் ஆறேழு மணி நேரம். ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கில்லை என்று சொல்லும்போதே, உயிரோடு ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுபோவதை நம் பக்கத்தில் பலர் செய்கிறார்கள். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து எழுதி வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், அது இல்லாமல் கிளம்பினால் வழியெல்லாம் அவதி. சென்னையிலேயே இறப்பு நேர்ந்தால் பதிவு அங்கேதான், மருத்துவர் சான்றிதழை வாங்கிய பிறகு வண்டி எடுங்கள். வென்டிலேட்டர், குழாய் வேண்டாம் என்பது அவர் விருப்பமென்றால், அதையும் எழுதிவைக்க வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து 2023இல் எளிமைப்படுத்திய முறைப்படி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நீடாமங்கலத்துப் பெரியவருக்கு இந்தப் பேச்சு முடிந்த அன்றைக்குத்தான் முகம் தெளிந்தது. சென்னைக்குப் போவதில் அவருக்கு இருந்த பாதிப் பயம் அங்கேயே செத்துப்போய்விடுவோமோ என்பதுதான்.

முதியோர் இல்லத்தைப் பற்றி உங்கள் தங்கை சொன்னதில் தப்பில்லை, சொன்ன நேரம்தான் சரியில்லை. விழுந்த வாரத்தில் சொன்னால் தண்டனை மாதிரித்தான் கேட்கும். அவரால் தனியாக முடியாது, உங்கள் இருவர் வீட்டிலும் பகலில் ஆள் இல்லை என்ற நிலை வந்தால் அதுவும் ஒரு வழிதான். அப்போது சென்னையில் தேடாதீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் தேடினால் உறவுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், கோயிலும் சாப்பாடும் பேச்சும் பழகியதாக இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பதினைந்து நாள் தங்குவது மாதிரி ஆரம்பித்தால் அவருக்கும் இடம் தெரியும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "படுத்த படுக்கையாயிட்டா வெச்சுப்பீங்களா?" நடமாடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும் இல்லங்கள் நிறைய, முடியாமல் போகிற நாளில் கூட்டிக்கொண்டு போங்கள் என்று போன் வரும். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், டெபாசிட்டில் எவ்வளவு எந்தச் சூழ்நிலையில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாயங்காலம் ஏழு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். சிறுநீர் வாடையும், கூப்பிட்டும் யாரும் வராமல் உட்கார்ந்திருப்பவர்களும் அந்த நேரத்தில்தான் தெரியும்.

நான் சொன்ன எல்லாமே அவர் மனம் தெளிவாக இருக்கிறது என்ற அடிப்படையில். அது குறைகிறதா என்று அடுத்த தடவை போகும்போது கவனியுங்கள். மாத்திரை அட்டையில் நாள் தவறிக் கிடக்கிறதா, கரண்ட் பில் கட்டாமல் விட்டிருக்கிறதா அல்லது ஒரே கடனை இரண்டு தடவை கொடுத்திருக்கிறாரா, அடிப்பிடித்த பாத்திரம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா, பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழம்பினால் அது வயசுக் கோளாறு இல்லை. சிறுநீர்த் தொற்றாகவோ ரத்தத்தில் சோடியம் குறைந்ததாகவோ இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சரியாகும். அந்த நிலையில் அவர் சொல்லும் சம்மதத்தையும் மறுப்பையும் கணக்கில் எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மறதி நோய் என்று உறுதியானால் தனியாக விடுவதற்கில்லை, அவரை வாதாடிச் சம்மதிக்க வைக்கவும் முடியாது. இன்றைக்குச் சரி என்பவர் நாளைக்கு மறந்திருப்பார்.

அந்த நிலையில் கூட்டிக்கொண்டு போக நேர்ந்தால், அவருடைய கட்டில், போர்வை, அம்மா படம், விபூதித் தட்டு எல்லாம் அவருக்கு முன்னால் உங்கள் வீட்டுக்குப் போயிருக்கட்டும். ஊரில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தாரோ, எழுந்ததும் கழிப்பறை எந்தக் கைப்பக்கம் இருந்ததோ, முடிந்தவரை அப்படியே அமையுங்கள். முதல் சில வாரம் சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போவணும்" என்பார். இதுதான் வீடு என்று விளக்காதீர்கள். "போவலாம்பா, காபி குடிச்சுட்டுப் போவலாம்" என்று வெளியே ஒரு சுற்று நடத்திக் கூட்டி வாருங்கள். ராத்திரி தூக்கமில்லாமல் தவித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தால் மறுபடி விழுவார்.

இப்போதைக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றுதான்: படுத்தும் நின்றும் பிபி, ராத்திரிக்கு யூரின் கேன், ஒரு கதவுக்கு வெளிச் சாவி. அப்பாவைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணில் பேசலாம், அவருக்கும் அந்த எண்ணைப் போனில் பதிந்து கொடுங்கள். மற்ற பேச்சுகளைத் தங்கையும் ஊருக்கு வரும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்று, தங்கை ஒன்று என்று தனித்தனியாகப் போனில் சொன்னால், யார் சொல்வது தனக்குச் சாதகமோ அதை வைத்து அப்பா மற்றவரை மறுத்துவிடுவார்.